ஆராரோ ஆங்கிலம் பேசிய கதை: ஒரு தாலாட்டு மொழிபெயர்ப்பின் நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் குடும்பத்தின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். ஆங்கில வரிகள் எல்லாம் தமிழ் எழுத்திலேயே இருக்கும். வேலை நடந்தபோதும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தோம், அதற்கான காரணம் பின்னால் வரும்.

பின்னணி

அம்மா மதுரைப் பக்கத்துப் பெண். அப்பா இங்கிலாந்தின் வடபகுதிக்காரர், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர். இருவரும் அங்கேதான் வசிக்கிறார்கள். குழந்தைக்கு அப்போது ஏழு மாதம், பெண் குழந்தை. அம்மா செவிலியர். பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் நேரம் வந்தது. வாரத்தில் மூன்று இரவு அவர் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அந்த மூன்று இரவும் குழந்தையைத் தூங்க வைக்கும் பொறுப்பு அப்பாவுடையது.

ஏழு மாதமும் அந்தக் குழந்தை ஒரே பாட்டில்தான் தூங்கியிருக்கிறது. தென்தமிழ்நாட்டில் பல வீடுகளில் கேட்கும் பழைய தாலாட்டு அது. அந்த அம்மா தன் அம்மாவிடம் கேட்டபடி பாடுவது இப்படி:

ஆராரோ ஆரிரரோ
ஆரடிச்சு நீ அழுதே? அடிச்சாரைச் சொல்லி அழு
மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே
அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே
பாட்டி அடிச்சாளோ பால் வார்க்கும் கையாலே
ஆரும் அடிக்கலையே, ஐவிரலும் தீண்டலையே

ஊருக்கு ஊர் இது கொஞ்சம் மாறும். அரளி இருக்கும் இடத்தில் சிலர் அல்லி என்பார்கள். அரளி நஞ்சாயிற்றே, பச்சைக் குழந்தைக்கு அதையா பாடுவது என்று எனக்கும் ஒரு உறுத்தல் உண்டு. பாட்டியிடம் கேட்டதற்கு, "எங்க ஊர்ல அரளிதான் கண்ணு, அதைப் பாடித்தான் நாலு பிள்ளைய வளர்த்தேன்" என்று முடித்துவிட்டார்.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பெரும்பாலும் சான்றிதழ்கள், ஒப்பந்தங்கள், எப்போதாவது கதைகள். அந்த அம்மா எனக்குத் தூரத்து உறவு. ஒரு நாள் போனில், "அக்கா, இந்தப் பாட்டை அவர் பாடுற மாதிரி இங்கிலீஷ்ல போட்டுத் தர முடியுமா? மெட்டு மாறக்கூடாது. பாப்பா அதே பாட்டுன்னு நினைக்கணும்" என்றார். வேலைக்குத் திரும்ப ஆறு வாரம் இருந்தது.

அப்பாவே தமிழில் பாடிவிடலாமே என்று கேட்டேன். முயன்று பார்த்தாராம். பொருள் தெரியாமல் ஓசையை மட்டும் மனப்பாடம் செய்து இருட்டில் பாடும்போது இரண்டாவது வரியிலேயே தடுமாறி நின்றிருக்கிறார். அவர் நின்றால் குழந்தை கண் திறந்துவிடும். அதோடு, என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் மகளிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. அது நியாயமாகத்தான் பட்டது.

முதல் வரைவு: பொருளைப் பிடித்தேன், பாட்டை விட்டேன்

நான் செய்த முதல் தப்பு, பாட்டை எழுத்தில் வாங்கியது. வரிகளை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லி, மேசையில் உட்கார்ந்து ஒரு கவிதையை மொழிபெயர்ப்பது போல வேலை பார்த்தேன். வந்தது இதுதான்:

ஹூ ஹிட் யூ, மை டார்லிங், தட் யூ வீப்?
டிட் யுவர் அங்கிள் ஹிட் யூ வித் அ பன்ச் ஆஃப் ஜாஸ்மின்?

பொருள் சரிதான். பாட முடியாது, அவ்வளவுதான். அப்பா ஒரே ஒரு இரவு பாடிப் பார்த்துவிட்டு மறுநாள் நேரடியாகவே என்னிடம் பேசினார். அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டில், 'ஹிட் யூ' என்று திரும்பத் திரும்பச் சொல்ல அவரால் முடியவில்லை. "எனக்கே பயமாக இருந்தது" என்றார்.

தமிழில் 'ஆரடிச்சு நீ அழுதே' என்பது விசாரணையே இல்லை. யாரும் அடிக்கவில்லை என்பது பாடுகிறவளுக்கும் தெரியும், கேட்கிற வீட்டுக்கும் தெரியும். அடித்திருந்தாலும் மல்லிகைச் செண்டால்தான் அடித்திருப்பார்கள். விழுந்த குழந்தையைத் தூக்கி, தரையை இரண்டு தட்டு தட்டி, "இதுதானே பாப்பாவ அடிச்சது" என்று கொஞ்சுகிறோமே, அந்த வகை. 'அடி' என்ற சொல்லுக்குத் தமிழ் வீட்டில் இப்படி ஒரு செல்ல இடம் இருக்கிறது. 'ஹிட்' என்ற சொல்லுக்கு ஆங்கிலம் பேசும் வீட்டில் அந்த இடம் இல்லை. அங்கே அது அடி மட்டுமே. ஓசையும் அப்படித்தான், 'ட்' என்று வெட்டி நிற்கும். 'அடிச்சானோ' என்பதில் வல்லினம் நடுவில் வந்து கரைந்துபோய், 'ஓ' என்று வாய் திறந்தபடி முடியும்.

மல்லிகையும் கை கொடுக்கவில்லை. மதுரைக்காரிக்கு மல்லிகை என்றால் தலையில் வைத்த பூ, அம்மாவின் வாசனை. அந்த அப்பாவுக்கு ஜாஸ்மின் என்றால் ஒரு தேயிலை வகை.

இரண்டாவது வரைவு: அழகாக இருந்தது, அதுதான் சிக்கல்

அடியை எடுத்துவிட்டு, ஆங்கிலத் தாலாட்டுகளின் சாயலில் இன்னொன்று எழுதினேன். 'ஹஷ், மை டார்லிங், டோன்ட் யூ க்ரை' என்று தொடங்கும். வரிக் கடைசியில் இயைபு. மாமன் மல்லிகையோடு வருவார், அத்தை பாட்டோடு வருவார், பாட்டி பாலோடு வருவார். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு மாதிரி. எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நல்லா இருக்குக்கா. ஆனா எங்கம்மா அழாதேன்னு சொல்லலையே. சொல்லி அழுன்னுதானே பாடுறாங்க" என்றார்.

எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. அந்த வரியை நான் அதுவரை கவனித்ததே இல்லை. அந்தத் தாய் அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. அடித்தவரைச் சொல்லு, சொல்லிக்கொண்டே அழு என்கிறாள். அழுகைக்கு இடம் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் என் கை தானாக 'ஹஷ்' என்று போட்டுவிட்டது. அது அந்த மொழியின் பழக்கம், அந்தப் பாட்டின் பொருள் அல்ல.

அப்பாவின் குறை வேறு. வரிகள் நினைவில் நிற்கவில்லை. இருட்டறையில் போனைத் திறந்து பார்த்துப் பாட வேண்டியிருந்தது. அந்த வெளிச்சத்தில் குழந்தை முழித்துக்கொண்டது.

இந்த இரண்டு குறையும் ஒரே இடத்தைத்தான் காட்டின. நான் திரும்ப வருதலைக் குறைத்துவிட்டிருந்தேன். ஒரே சொல்லைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கக் கூடாது, வரிக்கு வரி புதிதாக ஏதாவது வர வேண்டும் என்பது ஏட்டுக் கவிதைக்குச் சரி. தாலாட்டில் புதிதாக வரும் ஒவ்வொன்றும் குழந்தையின் கவனத்தைத் தட்டி எழுப்பும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருந்தால்தான் குழந்தையும் கண் சொக்கும், பாடுகிறவரும் யோசிக்காமல் பாடுவார்.

பாட்டைக் கேட்கப் போனது

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அம்மா பாடித் தூங்க வைப்பதை ஒரு இரவு முழுக்க ஒலிப்பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். அப்பா தூங்க வைப்பதையும் தனியாகக் கேட்டேன், பாட்டில்லாமல் சும்மா முணுமுணுத்தால்கூடப் போதும் என்றேன்.

அம்மாவின் பதிவில் முதலில் காதில் விழுந்தது பாட்டே இல்லை. துணி உரசும் சத்தம். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கால் மேல் தலையணை, அதன் மேல் குழந்தை. அந்த வீட்டில் தூளி கட்ட உத்தரம் கிடையாது. முழங்காலை வலமும் இடமுமாக ஆட்டுகிறார். 'மாமன் அடிச்சானோ' என்பதில் கால் ஒரு பக்கம் சாய்கிறது. 'மல்லிகைப்பூச் செண்டாலே' என்பதில் மறுபக்கம் திரும்புகிறது. 'னோ', 'லே' என்று நீட்டும் இடத்தில் கால் ஒரு கணம் நின்று திரும்புகிறது. ஊஞ்சல் உச்சிக்குப் போய் நிற்குமே, அது போல.

இரண்டாவது, அவர் பாட்டை வரிசைப்படி பாடவே இல்லை. ஆராரோவில் தொடங்கி மாமனுக்குப் போய், அத்தை, மறுபடி மாமன், திரும்ப ஆராரோ. குழந்தை சிணுங்கினால் ஆராரோ மட்டும் நாலைந்து தடவை. கடைசிப் பத்து நிமிடம் சொற்களே இல்லை, வாய் மூடிய ரீங்காரம். 'ஆரும் அடிக்கலையே' வரியை ஒரே ஒரு தடவைதான் பாடினார், குழந்தை கிட்டத்தட்டத் தூங்கிய பிறகு.

அப்பாவின் பதிவில் இருந்தது காலடிச் சத்தம். அவருக்குத் தரையில் உட்காரும் பழக்கம் இல்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கிறார். நாலு காலடி, ஒரு சின்ன நிறுத்தம். மறுபடி நாலு காலடி. அறை அவ்வளவுதான் அகலம், சுவரிலிருந்து சுவருக்கு நாலு எட்டு.

இதைக் கேட்டபோதுதான் வேலை எனக்குப் பிடிபட்டது. நாலு எட்டுக்கு ஒரு வரி. திரும்புகிற இடத்தில் நீட்ட ஒரு உயிரெழுத்து. அம்மாவின் முழங்கால் செய்ததை அப்பாவின் நடை செய்ய வேண்டும்.

எடுத்த முடிவுகள்

*ஆராரோவைத் தொடவில்லை.* அதை 'யார் யாரோ' என்று பிரித்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு. குழந்தைக்கு அது ஓசை, அவ்வளவுதான். ஏழு மாதமாகத் தூக்கத்துக்கு அதுதான் வாசல். ஆங்கிலத்திலும் 'ஹஷபை', 'லல்லபை' என்று இதே வேலையைச் செய்யும் ஓசைகள் இருக்கின்றன, ஆனால் அவை இந்தக் குழந்தைக்குப் புதியவை. ஒரே ஒரு தடை, அப்பாவின் நாக்கு. வரிசையாக வரும் ரகரங்களை அவரால் உருட்ட முடியவில்லை, 'ஆரிரரோ' நடுவில் சிக்கியது. 'தாலேலோ' என்று மாற்றலாமா என்று ஒரு நாள் யோசித்தோம். அதுவும் நம்முடையதுதான், பிள்ளைத்தமிழில் தாலப் பருவமே இருக்கிறது, பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடியதும் தாலேலோதான். லகரம் அவருக்குச் சுலபமாக வந்தது. ஆனால் அம்மா பாடுவது ஆராரோ. இரண்டு பேரும் ஒரே வாசலில் நுழைய வேண்டும் என்பதால் விட்டுவிட்டோம். அவர் 'ஆரிராரோ' என்று ஒரு நெடிலைக் கூட்டிப் பாடினார், சிக்கல் தீர்ந்தது.

*பூவை மொழிபெயர்க்கவில்லை, மோனையை மொழிபெயர்த்தேன்.* மாமன் கையில் ஏன் மல்லிகை? அத்தை கையில் ஏன் அரளி? பாட்டி கையில் ஏன் பால்? மா–ம, அ–அ, பா–பா. உறவுப் பெயரின் முதல் எழுத்துதான் பூவைத் தேர்ந்தெடுக்கிறது. இந்தப் பாட்டை உருவாக்கிய பெண்கள் ஒரு சட்டம் செய்து வைத்திருக்கிறார்கள். அதில் உறவைப் போட்டால் பூ தானாக வந்து விழும். அதனால்தான் எந்த வீட்டுக்கும் பொருந்துகிறது, அதனால்தான் மறக்கவும் மாட்டேன் என்கிறது. ஆங்கிலத்திலும் முதலெழுத்து ஒன்றிவருவது பழைய வழக்கம்தான், அந்த மொழியின் மிகப் பழைய செய்யுள்கள் அதன் மேல்தான் நிற்கின்றன. ஆக, மல்லிகை போகலாம். 'மா'வுக்கு ஒரு 'ம' வந்தால் போதும்.

*அடி என்ற வினையை எடுத்துவிட்டேன், கேள்வியை வைத்துக்கொண்டேன்.* 'டிட் மாமன் ஹிட் யூ' என்பதற்குப் பதில் 'வாஸ் இட் மாமன்?'. மாமனா? அவ்வளவுதான். என்ன செய்தார் என்று சொல்லவில்லை. கையில் என்ன வைத்திருந்தார் என்பது மட்டும் வருகிறது. குற்றம் சாட்டுவது போன்ற கொஞ்சல் அதில் ஓரளவு தங்கியது.

இப்போது சட்டம் தயார்: 'வாஸ் இட் ..., வித் அ ...?' இதைச் சொல்லிப் பார்த்தால் ஆங்கிலக்காரர் வாயில் முதல், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் ஒலித்துண்டுகளில் அழுத்தம் விழும். தமிழ்ப் பாட்டு குறில் நெடிலில் நடக்கும், ஆங்கிலப் பாட்டு அழுத்தத்தில் நடக்கும். வரிக்கு நாலு அழுத்தம், நாலு எட்டு. அழுத்தத்தில் தொடங்கி இளைத்து முடிகிற நடை என்பதால் காலை ஊன்றி மெல்ல விடுவது போலவே இருந்தது.

*உறவுப் பெயர்களை அந்த வீட்டில் கூப்பிடுவது போலவே வைத்தோம்.* 'அங்கிள்' என்றால் யார் என்று தெரியாது. மாமன் என்றால் அம்மாவின் தம்பி ஒருவர்தான். இங்கே 'மாமா' என்று எழுதியிருந்தால் கெட்டிருக்கும், ஆங்கிலக் காதுக்கு அது அம்மாவைக் குறிக்கும். பாட்டு ஏற்கெனவே 'மாமன்' என்றுதான் சொல்கிறது, அந்த 'ன்' எங்களைக் காப்பாற்றியது. அத்தை யார் என்ற கேள்விக்கு ஒரு இனிமையான விடை கிடைத்தது. அப்பாவின் அக்கா. அவர் ஆங்கிலேயப் பெண். பாட்டில் மாமன் தாய்வழி, அத்தை தந்தைவழி என்று சொன்னபோது, தனக்கு இந்தப் பழைய பாட்டில் ஏற்கெனவே ஒரு இடம் இருந்திருக்கிறது என்று அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டாராம்.

பூக்களைத் தேடியது

இதற்கு இரண்டு வாரம் பிடித்தது. நிபந்தனைகள் இவை: உறவின் முதலோசையில் தொடங்க வேண்டும், இரண்டே துண்டாக இருக்க வேண்டும், மென்மையான பொருளாக இருக்க வேண்டும், நீட்டக்கூடிய ஓசையில் முடிய வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் அதிகம் அடிபட்டோம். ஆங்கிலச் சொற்கள் பலவும் மெய்யில் முடிந்து கதவைச் சாத்திக்கொள்ளும்.

மாமனுக்கு 'மேரிகோல்ட்' முதலில் வந்தது. மூன்று துண்டு, அதோடு 'ல்ட்' என்று முடிகிறது, திரும்புகிற இடத்தில் நீட்ட முடியவில்லை. 'மேலோ' என்று ஒரு காட்டுப்பூ இருப்பதை அப்பாதான் சொன்னார். அங்கே சாலையோரத்தில் ஊதா நிறத்தில் பூக்கும், நம் செம்பருத்தியின் குடும்பம். 'லோ' என்று முடிகிறது. ஆராரோவின் 'ரோ' அப்படியே அதில் எதிரொலித்தது. அன்றைக்கு எனக்கு ரொம்ப நிறைவாக இருந்தது.

பாட்டிக்கு 'பாப்பி' போட்டேன். ஓசை அத்தனை பொருத்தம். அப்பா தயங்கினார். பாப்பி என்றால் அவர் நாட்டில் நவம்பர் மாதம் சட்டையில் குத்திக்கொள்வது, போரில் இறந்தவர்களின் நினைவுக்கு. நீட்டி முழக்காமல், "அது வேண்டாமே" என்று மட்டும் சொன்னார். பிறகு 'பெட்டல்' என்று அவரே தந்தார். பூவிதழ். அவர் ஊர்ப் பக்கத்தில் கடைக்காரம்மாகூட 'பெட்டல்' என்றுதான் வாஞ்சையாகக் கூப்பிடுவாராம், நாம் கண்ணு என்று சொல்வது போல. 'ல்' மெய்தான், ஆனால் இழுத்துப் பாட இடம் கொடுக்கிற மெய்.

அவருடைய அம்மாவை வீட்டில் 'நானா' என்று கூப்பிடுகிறார்கள். அதற்கு 'நோஸ்கே' கிடைத்தது. கையடக்கமாகக் கட்டிய பூங்கொத்து, பழைய காலத்துச் சொல். பார்த்தால் அது நம் செண்டேதான். மற்ற வரிகளில் தொலைந்த செண்டு இங்கே வந்து சேர்ந்தது. அத்தைக்கு 'ஆஸ்டர்', அப்பாவுக்கு 'டெய்ஸி' என்று மற்ற இரண்டும் சிரமம் தரவில்லை.

'ஆரும் அடிக்கலையே, ஐவிரலும் தீண்டலையே' என்ற வரிக்கு 'நோ ஒன், நோ ஒன், நாட் அ ஃபிங்கர்' என்று வைத்தேன். நகர மோனை ஓடுகிறது. ஐவிரல் ஒரு விரலாகச் சுருங்கியது, பரவாயில்லை.

முழுப் பாட்டு இப்படி நின்றது:

ஆராரோ ஆரிராரோ
ஹூ வாஸ் இட் தட் மேட் யூ க்ரை, லவ்?
டெல் மீ, லவ், அண்ட் க்ரை, அண்ட் டெல் மீ
வாஸ் இட் மாமன், வித் அ மேலோ?
வாஸ் இட் அத்தை, வித் அன் ஆஸ்டர்?
வாஸ் இட் பாட்டி, வித் அ பெட்டல்?
வாஸ் இட் நானா, வித் அ நோஸ்கே?
வாஸ் இட் டாடி, வித் அ டெய்ஸி?
நோ ஒன், நோ ஒன், நாட் அ ஃபிங்கர்
ஆராரோ ஆரிராரோ

மூன்றாவது வரியில் 'சொல்லி அழு' இருக்கிறது, 'அழாதே' இல்லை. 'டெல் மீ'யில் தொடங்கி 'டெல் மீ'யில் முடிவதால் அந்த ஒரு வரியையே எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றலாம்.

பின்பு நடந்தது

இந்தத் தடவை எழுதி அனுப்பவில்லை. அம்மா பாடிக் கொடுத்தார், அப்பா கேட்டுக் கற்றார். ஒரு மாலையில் வந்துவிட்டது என்றார். மனப்பாடம் செய்ய வேண்டியது நாலு வரிதான், மீதி சட்டம் பார்த்துக்கொள்ளும்.

அம்மா வீட்டில் இருக்கும்போதே இரண்டு வாரம் ஒத்திகை. முதலில் இருவரும் சேர்ந்து ஆராரோ மட்டும், பிறகு அம்மா வெளியே போய்விட அப்பா ஆங்கில வரிகளைத் தொடர்வார். முதல் மூன்று இரவும் குழந்தை தூங்கவில்லை. தலையைத் தூக்கி அவர் வாயையே பார்த்ததாம். பாட்டி வீடியோ அழைப்பில் அவர் பாடியதைக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை ஓடுறாங்க, மெதுவாப் பாடச் சொல்லு" என்றார். அதுதான் விஷயம். நடக்கிற வேகத்தில் பாட்டும் போய்க்கொண்டிருந்தது. திரும்பும் இடத்தில் நின்று, 'மேலோ'வின் ஓகாரத்தை மூச்சு முடியும் வரை இழுக்கச் சொன்னோம். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ தூங்கியது.

அம்மா வேலைக்குப் போன முதல் இரவு, இருபது நிமிடத்தில் தூங்கிவிட்டது என்று அப்பா செய்தி அனுப்பினார். இரண்டாம் இரவு ஒன்றரை மணி நேரம் அழுதது. பாட்டு அம்மாவுக்குப் பதிலாக முடியாது, அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. முதல் மாதம் முழுக்க இப்படி ஏறி இறங்கித்தான் போனது, பிறகு நிலைப்பட்டது.

பாட்டிக்கு ஒரு கவலை இருந்தது. இங்கிலீஷ் பாட்டு வந்தால் தமிழ்ப் பாட்டு போய்விடுமே என்று. அவருக்காகத்தான் ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தவர் 'வாஸ் இட் நானா' என்ற இடத்தில் நின்றுவிட்டார். "நானான்னு இருக்கே, என்னையா கேக்குது?" என்றார். நானா அந்தப் பக்கத்துப் பாட்டி என்று விளக்கியதும் சிரித்தவர், பிறகு அவரே அந்த வரியைத் தன் மெட்டில் பாடிக் காட்டினார். ஆங்கிலச் சொல்தான், ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்து இழுப்பு. கவலையை அதற்குப் பின் அவர் எடுக்கவில்லை.

நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது: அம்மா எப்போதும் தமிழில் மட்டும் பாடுவார், அப்பா ஆங்கிலத்தில். தொடக்கமும் முடிவும் இருவருக்கும் ஆராரோ. இன்றுவரை அப்படியே நடக்கிறது.

எது மாறியிருக்க வேண்டும்

ஆறு வாரத்தில் முதல் பத்து நாள் வீண். பாட்டின் பொருளைக் கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டிருக்க வேண்டும்: பாடப் போகிறவர் உட்கார்வாரா நடப்பாரா, இருட்டிலா வெளிச்சத்திலா, குழந்தைக்கு எந்த ஓசை ஏற்கெனவே பழக்கம். மூன்றுக்கும் விடை அந்த இரண்டு ஒலிப்பதிவுகளில் இருந்தது.

'வாஸ் இட்', 'வித்' இரண்டும் இன்னும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. வேகமாகப் பாடினால் அந்த 'ட்' கேட்கிறது. அப்பா பழகப் பழக அதை விழுங்கிவிட்டார், 'வாஸி மாமன்' என்றுதான் இப்போது கேட்கிறது. எழுதும்போதே அந்த இடத்தை மென்மையாக்க ஒரு வழி இருந்திருக்கலாம்.

அடி என்ற சொல்லை எடுத்ததை இழப்பு என்றே கணக்கு வைக்கிறேன். தமிழில் பூச்செண்டு அடிக்கிறது, ஆங்கிலத்தில் பூ சும்மா கையில் இருக்கிறது. அந்த முரணில் இருந்த கொஞ்சல் பாதிதான் வந்து சேர்ந்தது. வேறொரு குடும்பத்தில், 'பாப்' என்றோ 'டாப்' என்றோ செல்லமாகத் தட்டுவதைக் குறிக்கும் சொல் புழக்கத்தில் இருந்தால் அதை முயன்று பார்ப்பேன். இந்த அப்பா அதற்கும் இசையவில்லை, பாடப்போகிறவர் அவர்தான் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

குழந்தைக்கு இப்போது இரண்டரை வயது. போன மாதம் அம்மா அனுப்பிய பதிவில் அவள் தன் துணி யானையைக் கால் மேல் போட்டு ஆட்டிக்கொண்டிருக்கிறாள். அம்மாவைப் போல முழங்காலை ஆட்டுகிறாள், அப்பாவின் வரியைப் பாடுகிறாள். 'வாஸி மாமன், மல்லி மேலோ' என்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த வரியில் பக்கத்து வீட்டுப் பூனை வந்தது, அதன் கையில் ஒரு பூரி.